லோன் கிடைக்கவில்லை, டோக்கன் திரும்பி வருமா?

வீடு பிடித்துவிட்டது, வேறு பார்ட்டி முந்திவிடக் கூடாது என்று டோக்கன் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் நம்மில் பலர் வங்கிப் படியேறுகிறோம். வங்கி கைவிரித்ததும் பணத்தைத் திரும்பக் கேட்டால், "உங்களுக்கு லோன் கிடைக்கலைன்னா நான் என்ன சார் பண்றது?" என்கிறார் வீட்டுக்காரர். லோன் ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

தாம்பரம் பக்கம் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட், டோக்கன் 2 லட்சம், 45 நாளில் கிரயம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் பழைய கிரெடிட் கார்டு பாக்கியால் சிபில் ஸ்கோர் விழுந்து, வங்கி மறுத்துவிட்டது. இது வாங்குபவர் பக்கத்துக் குறை. பணம் புரட்டுவது அவர் பொறுப்பு என்றுதான் சட்டம் பார்க்கிறது. 'லோன் கிடைத்தால்தான் கிரயம்' என்று எழுதி வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு.

அதே ஃப்ளாட்டில், வங்கி வழக்கறிஞர் தாய்ப் பத்திரம் இல்லை என்கிறார், அல்லது அனுமதி வாங்கிய வரைபடத்துக்கு மாறாகக் கட்டியிருப்பதால் வங்கி மறுக்கிறது என்றால், குறை விற்பவர் பக்கம் இருக்கிறது. உரிமையைக் காட்டும் ஆவணங்களைத் தருவதும், சொத்தின் உரிமையில் தனக்குத் தெரிந்த குறைகளை மறைக்காமல் சொல்வதும் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி அவர் கடமை. இங்கே டோக்கனைத் திரும்பக் கேட்க வாங்குபவருக்கு வலுவான காரணம் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, அதில்தான் சண்டை அதிகம். 60 லட்சம் விலை பேசிய வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் 50 லட்சம்தான் போகும் என்கிறார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 48 லட்சம் எதிர்பார்த்தவருக்கு 40 லட்சம்தான் கிடைக்கும். அந்த 8 லட்சம் துண்டு விழுந்ததற்கு விற்பவரைக் குறை சொல்ல முடியாது.

தவறு வாங்குபவருடையது என்றாலும், கொடுத்த பணம் எல்லாம் விற்பவருக்கே என்று ஆகிவிடாது. 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பதே சந்த் வழக்கில் வாங்குபவர் 1,000 ரூபாயை முன்பணமாகவும், பிறகு 24,000 ரூபாயை விலையின் ஒரு பகுதியாகவும் கொடுத்திருந்தார். அந்த ஆயிரத்தை மட்டும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். ஒப்பந்தத்தை உறுதிசெய்யக் கொடுக்கும் சிறு தொகை வேறு, விலையில் பாதி கால் என்று கொடுக்கும் தொகை வேறு. அதனால் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'கிரயம் முடிக்கத் தவறினால் இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை' என்ற வரி இருந்தால் விற்பவர் கை ஓங்கும். தொகை சிறியது என்றால் இன்னும் ஓங்கும்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. கடன் மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளை மேலாளர் வாயால் சொன்னதை நம்பி வீடு திரும்பாதீர்கள், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்குங்கள். அதன் நகலோடு, விலகுவதையும் பணத்தைத் திரும்பக் கேட்பதையும் அந்த வாரத்திலேயே ஸ்பீட் போஸ்டில் தெரிவித்துவிடுங்கள். 45 நாள் கெடுவையும் தாண்டி இழுத்தடித்துவிட்டுச் சொன்னால், "உங்களை நம்பி மற்ற பார்ட்டிகளைத் திருப்பி அனுப்பினேன்" என்று விற்பவர் சொல்வதில் நியாயம் வந்துவிடும்.

"அடுத்த பார்ட்டி வந்ததும் தர்றேன்" என்பதுதான் பெரும்பாலான விற்பவர்களின் பதில். ஏமாற்று என்று எடுத்ததும் முடிவுகட்ட வேண்டாம், வாங்கிய டோக்கனை அவரும் வேறெங்கோ அட்வான்ஸாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் தேதியும் தொகையும் போட்டு எழுதி வாங்குங்கள், முடிந்தால் பின்தேதியிட்ட காசோலையோடு. விற்பனை ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் உங்களிடம் ஒரு பிடி இருக்கிறது: அது வில்லங்கச் சான்றிதழில் தெரியும், ரத்துப் பத்திரம் இல்லாமல் அடுத்தவர் வாங்கத் தயங்குவார். பணம் கைக்கு வரும் நாளில்தான் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். அசல் ரசீதையும் அதுவரை கொடுக்காதீர்கள்.

வழக்கு என்று போனால், கிரயம் செய்துதரக் கேட்பதோடு, அது முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையையும் மனுவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2025-இல் கே.ஆர். சுரேஷ் வழக்கில் 20 லட்சம் கொடுத்தவருக்கு அது திரும்பவில்லை. பறிமுதல் நிபந்தனையோடு, இந்தக் கோரிக்கை மனுவில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

டோக்கன் கொடுப்பதற்கு முன், பத்திர நகல்களை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ரசீதில் 'வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் 15 நாளில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரியையும் எழுதச் சொல்லுங்கள். அதை எழுத மறுக்கும் விற்பவரிடம், லோனை நம்பி டோக்கன் கொடுக்காதீர்கள்.