இருமலுக்கு முந்தைய கால் நொடி

ஸ்வீடனில் டிராம்போலின் மேடையில் துள்ளிக் குட்டிக்கரணம் அடிக்கும் முன்னணி வீராங்கனைகள் 35 பேரிடம் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பயிற்சியின்போது சிறுநீர் கசிகிறதா? 28 பேர் ஆமாம் என்றார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 15. அவர்களில் ஒருவர்கூடப் பிள்ளை பெற்றவர் இல்லை.

தும்மினால், சிரித்தால், கனமான எதையாவது தூக்கினால் சில சொட்டுச் சிறுநீர் வந்துவிடுவதைப் பிரசவத்தின் மிச்சம் என்றோ வயதின் கோளாறு என்றோதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சிறுமிகளுக்கு அந்த இரண்டுமே பொருந்தவில்லை. சிலருக்கு இடுப்புத்தளத் தசையின் வலிமையைச் சோதித்தும் பார்த்தார்கள். இறுக்கச் சொன்னபோது நன்றாகவே இறுக்கினார்கள். இறுக்கத் தெரிந்த தசை துள்ளும்போது மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தது என்பதை அறிய, அந்தத் தசை யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வயிற்றறைக்கு மேல், நடு, கீழ் என எல்லாப் பக்கமும் தசைதான் சுவர். மேலே நுரையீரல்களுக்குக் கீழ் கவிந்திருப்பது உதரவிதானம். அடிவயிற்றைப் பக்கவாட்டிலிருந்து முன்பக்கம் வரை ஓர் அகலமான பட்டையாகச் சுற்றியிருப்பது வயிற்றுத் தசைகளில் மிக ஆழத்தில் உள்ள குறுக்குத் தசை. முதுகுப்பக்கம் முள்ளெலும்புகளை ஒட்டிய குட்டித் தசைகள். அடியில், முன்னால் உள்ள பூப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை விரிந்திருப்பவைதான் இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர் வெளியேறும் குழாயும் மலக்குடலும், பெண்களுக்குப் பிறப்புறுப்பும் இந்தத் தளத்தின் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் வெளியே வருகின்றன. ஆண்களுக்கும் இதே தளம் உண்டு. அவர்களுக்கு இடைவெளி சிறியது.

சும்மா உட்கார்ந்து மூச்சு விடும்போதே இந்தக் கூட்டணி அசைந்துகொண்டிருக்கிறது. மூச்சை இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கும். உள்ளே இருக்கும் குடலும் மற்ற உறுப்புகளும் நகர இடம் வேண்டும் என்பதால் வயிறு சற்றுப் புடைக்கும். இடுப்புத்தளமும் கொஞ்சம் தாழும். மூச்சை விட்டால் எல்லாம் மேலே திரும்பும். ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. அடிவயிற்றை உள்ளே இழுத்தால் இடுப்புத்தளம் தானாகவே இறுகுகிறது. இடுப்புத்தளத்தை இறுக்கினால் அடிவயிற்றின் ஆழ்தசை விழித்துக்கொள்கிறது.

அமைதியான மூச்சில் இந்த அறைக்குள் அழுத்தம் மிகக் குறைவு. இளம் வயதினர் 20 பேரை வைத்து அமெரிக்காவில் அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிற்கும்போது சராசரி அழுத்தம் சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசம். ரத்த அழுத்தத்தை 120, 80 என்று சொல்வோமே, அதே அளவுகோல். இருமும்போது அது 107-க்கும், குதிக்கும்போது 171-க்கும் ஏறியது. அதுவும் கண் இமைக்கும் நேரத்தில்.

இருமலை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இந்த ஏற்றம் எப்படி நடக்கிறது என்பது புரியும். முதலில் ஆழமாக ஒரு மூச்சு உள்ளே போகிறது, உதரவிதானம் இறங்குகிறது. அடுத்து தொண்டையில் குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன. மூடியிருப்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த இடைவெளியில் வயிற்றுத் தசைகள் சுருங்கி அறையைச் சுற்றிலும் அழுத்துகின்றன. பிறகு குரல்நாண்கள் திறக்க, காற்று வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. காற்றுக்கு மேலே வழி கிடைத்தது. ஆனால் அதே அழுத்தம் கீழே சிறுநீர்ப்பையின் தலைமேலும் விழுந்திருக்கிறது.

அங்கேதான் இடுப்புத்தளத்தின் வேலை. நலமான உடலில் அது அழுத்தம் வந்தபின் எதிர்வினை காட்டுவதில்லை; முன்கூட்டியே இறுகிவிடுகிறது. சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் ஏறுவதற்கு ஏறத்தாழ கால் நொடி முன்னதாகவே சிறுநீர்க் குழாயில் இறுக்கம் கூடத் தொடங்குவதை 1982-இல் வெளியான அளவீடுகள் காட்டின. இரும வேண்டும் என்று மூளை வயிற்றுத் தசைக்குச் சொல்லும்போதே அடித்தளத்துக்கும் சொல்லிவிடுகிறது. கசிவுள்ள பலருக்கு இந்த ஆணை தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்பதும் தசைகளின் மின்னோட்டத்தைப் பதிந்த ஆய்வுகளில் தெரியவந்தது.

கால் நொடி பிந்தினால் என்ன ஆகும்? அமெரிக்க மகளிர் மருத்துவர் ஜான் டெலான்சி 1994-இல் தந்த விளக்கம் இங்கே உதவும். தோட்டத்துக் குழாயைச் சிமெண்ட் தரையில் போட்டு மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதையே சேற்றில் போட்டு மிதித்தால் குழாய் சேற்றுக்குள் புதையும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சிறுநீர்க் குழாயை மேலிருந்து மிதிப்பது வயிற்றறையின் அழுத்தம். அதற்கு அடியில் இருக்கும் தசையும் சவ்வும் அந்த நேரத்தில் விறைப்பாக இருந்தால், கசியவைக்க வந்த அழுத்தமே குழாயை மூடிவிடும். தளர்ந்திருந்தால் குழாய் கீழே சரிந்து, வாய் திறந்துகொள்ளும்.

துள்ளுமேடையில் இதே கணக்கு இன்னும் கடினமாகிறது. கால் தரையைத் தொடும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலேறுகிறது. அறைக்குள் இருக்கும் உறுப்புகள் கீழ்நோக்கிப் பாய்கின்றன. உடல் இதையும் எதிர்பார்க்கிறது. ஓட்டத்தின்போது பாதம் தரையில் படுவதற்கு முன்பே இடுப்புத்தளம் விறைப்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தசையின் இழைகளில் பெரும்பாலானவை நாள் முழுக்க மெதுவாகத் தாங்குவதற்கானவை; வேகமாகச் சுண்டி இறுகும் இழைகள் குறைவு. ஒரே பயிற்சியில் நூற்றுக்கணக்கான தரையிறக்கங்கள் என்றால் அந்த வேக இழைகள் களைத்துப்போகும். முதல் பத்துத் துள்ளலில் கசியாமல், கடைசிப் பத்தில் கசிந்தால் அது களைப்பின் அடையாளம். உட்கார்ந்த இடத்தில் ஒருமுறை இறுக்கிக் காட்டும் வலிமை இந்தச் சோதனையில் போதாது.

பளு தூக்குவது வேறு வகை. 2021 ஜூலை 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப் பிரிவில் மீராபாய் சானு 115 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தி வெள்ளி வென்றார். அந்த அளவு எடையைத் தூக்குகிற எவரும் மூச்சை நிறைய இழுத்து, குரல்நாண்களை மூடி, வயிற்றை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இருமலில் காற்று வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும். இங்கே உதரவிதானம் கீழேயே நின்று மூடியாக இருக்கிறது. அழுத்தம் வெளியே போகாமல் முதுகெலும்பை முன்பக்கமிருந்து முட்டுக்கொடுக்கிறது. பளுதூக்குபவர்களின் வயிற்றறையில் 200-க்கும் மேற்பட்ட அழுத்தம் அளக்கப்பட்டிருக்கிறது. முதுகைக் காக்கும் அந்த அழுத்தத்தின் முழுப் பாரத்தையும் சில நொடிகள் அடித்தளம் தாங்கியாக வேண்டும்.

இவ்வளவு அழுத்தம் வீட்டு வேலைக்குத் தேவையில்லை. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றும்போது பலர் ஒலிம்பிக் மேடையில் நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குகிறார்கள். பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருவது இப்படி: குடத்தை உடம்பை ஒட்டி வைத்து, முழங்காலை மடக்கிக் குனிந்து, மூச்சை இழுக்க வேண்டும். குடம் தரையை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் இடுப்புத்தளத்தை மேலே இழுத்து, மூச்சை மெல்ல விட்டபடியே எழ வேண்டும். மூச்சு வெளியேறும்போது உதரவிதானம் மேலே போவதால் மூடி தளர்ந்து, அடித்தளத்தின் சுமை குறைகிறது. குடம் இடுப்பில் ஏறியதும் இறுக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இதே முன்னிறுக்கத்தை இருமலுக்குச் சோதித்துப் பார்த்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். டெலான்சியும் அந்தக் குழுவில் இருந்தார். லேசான அல்லது நடுத்தரக் கசிவுள்ள மூத்த வயதுப் பெண்களுக்கு, இருமுவதற்குச் சற்று முன் இறுக்கி, இருமி முடியும்வரை பிடித்திருக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பழகக் கொடுத்தது ஒரே வாரம். 1998-இல் வெளியான முடிவுப்படி, நடுத்தர இருமலில் கசிவு சராசரியாக 98 விழுக்காடும், பலத்த இருமலில் 73 விழுக்காடும் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை பெருத்துவிடாது. மாறியது நேரம்தான்.

எந்தத் தசையை எந்தத் திசையில் இறுக்குவது என்பதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தபோது பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் இருந்தது. மேலே இழுப்பதற்குப் பதிலாக மலம் கழிக்கும்போது முக்குவதுபோலக் கீழே தள்ளினார்கள். சரியாகச் செய்தால், வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி ஓர் இழுப்பு தெரியும். அடிவயிறு லேசாக உள்வாங்கும். வயிறு புடைத்தாலும், மூச்சு நின்றாலும், பிட்டமும் தொடையும் இறுகினாலும் திசை தப்பிவிட்டது என்று கொள்ளலாம். இறுக்கி முடித்தபின் தசை முழுவதும் தளர்வதும் உணரப்பட வேண்டும்.

அந்தத் தளர்வை விட்டுவிடுவதும் ஒரு கோளாறுதான். வயிறு தட்டையாகத் தெரிய நாள் முழுக்க அதை எக்கிப் பிடித்திருப்பவர்களுக்கு உதரவிதானம் சரியாக இறங்க முடிவதில்லை. எப்போதும் இறுகியே இருக்கும் இடுப்புத்தளத்துக்கு, இருமல் வரும்போது மேலும் இறுக இடம் மிஞ்சுவதில்லை. இவர்களுக்குக் கசிவோடு அடியில் வலி, தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் முழுதாக இறங்காத உணர்வு ஆகியவையும் சேர்ந்து வரும். இறுக்கும் பயிற்சி அதை மோசமாக்கும். முதலில் தளர்த்தப் பழக வேண்டும்.

நேரத்தைச் சரிசெய்வதால் எல்லாம் சரியாகிவிடாது. ஆயுதம் போட்ட பிரசவத்தில் சிலருக்கு இந்தத் தசை எலும்பிலிருந்து பிய்ந்து வந்திருக்கும். கர்ப்பப்பை இறங்கி ஏதோ பிதுங்குவதுபோலத் தோன்றலாம். ஆண்களுக்கு புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவு வரலாம். இவற்றில் பயிற்சி ஓரளவு உதவும், ஆனால் மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். ஆறாத இருமலும் மலச்சிக்கலும் இருந்தால் அவற்றுக்கும் மருந்து எடுக்க வேண்டும். அவை தினமும் பலமுறை அடித்தளத்தை அடித்துக்கொண்டே இருக்கும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ திடீரென்று சிறுநீர் இறங்காமல் நின்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது முதுகெலும்பில் நரம்பு நசுங்கியதன் அறிகுறியாக இருக்கக்கூடும்.