கையிருப்பை மீறிக் கொடுக்கும் கம்பி

ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பி. அதன் நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும், அறையின் வெப்பநிலையைவிட 100 டிகிரி அதிகமாகச் சூடாக இருக்கிறது. பக்கவாட்டில் காற்றுக்குச் சூடு போகாதபடி கம்பியை மூடி வைத்திருக்கிறோம். சிறிது நேரத்தில் என்ன ஆகும்? சூடு இரு பக்கமும் பரவும், நடு மெல்ல ஆறும். இதற்கு ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலிலேயே சமன்பாடு இருக்கிறது. அதே சமன்பாட்டைக் கணினியில் போட்டால், சில சமயம் நடு இடம் அறையைவிடக் குளிர்ந்துபோனதாக விடை வரும். அடுத்த கணம் மறுபடி கொதிக்கும், அதற்கடுத்த கணம் இன்னும் ஆழமாக உறையும். சமன்பாட்டில் தவறில்லை, எழுதிய நிரலிலும் தவறில்லை. கணக்கிடும்போது எடுத்து வைத்த காலடி சற்று நீளமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, கணினி செய்யும் கணக்கைக் கையாலேயே செய்து பார்க்கலாம். கம்பியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளிகள் வைக்கிறோம். காலத்தையும் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு துண்டும் ஒரு காலப்படி. ஒரு புள்ளியின் அடுத்த வெப்பநிலையை, இப்போது அதற்கும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளுக்கும் உள்ள வெப்பநிலையிலிருந்து நேரடியாகக் கண்டுபிடிக்கிறோம். எந்தச் சமன்பாட்டையும் அவிழ்க்க வேண்டியதில்லை, பெருக்கிக் கூட்டினால் போதும். இதனால்தான் இதற்கு வெளிப்படை முறை என்று பெயர். விதி ஒரே வரி:

```
புதியது = r × இடது + (1 − 2r) × தான் + r × வலது
r = α Δt / Δx²
```

Δt என்பது காலப்படி, Δx என்பது புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். α என்பது அந்தப் பொருளில் சூடு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைச் சொல்லும் எண்; இரும்புக்கு அது விநாடிக்கு ஏறக்குறைய 23 சதுர மில்லிமீட்டர்.

இந்த வரியைப் பணக் கணக்காகப் படித்தால் எளிதில் புரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு காலப்படியிலும் தன் கையிருப்பில் r பங்கை இடது பக்கத்தாருக்கும், r பங்கை வலது பக்கத்தாருக்கும் கொடுக்கிறது. மிச்சமுள்ள 1 − 2r பங்கைத் தானே வைத்துக்கொள்கிறது. அவர்களும் அதே விகிதத்தில் இதற்குக் கொடுக்கிறார்கள்.

காலப்படி ஒரு விநாடி என்று வைப்போம். தூரம் 10 மில்லிமீட்டர், ஆகவே r = 23 × 1 ÷ 100 = 0.23. நடுப்புள்ளி தன் 100 டிகிரியில் 23ஐ இந்தப் பக்கமும் 23ஐ அந்தப் பக்கமும் கொடுத்து 54ஐ வைத்துக்கொள்கிறது. இரண்டாம் விநாடியில் அது சுமார் 39.7 ஆகிறது, பக்கத்துப் புள்ளிகள் சுமார் 24.8, அதற்கு அடுத்தவை சுமார் 5.3. நாம் எதிர்பார்த்த அதே ஆறுதல்.

இப்போது சீக்கிரம் முடிக்கலாமே என்று காலப்படியை 2.6 விநாடியாக நீட்டுவோம். r ஏறக்குறைய 0.6 ஆகிறது. கையில் நூறு ரூபாய் வைத்திருப்பவர் இந்தப் பக்கம் அறுபதும் அந்தப் பக்கம் அறுபதும் கொடுக்கிறார். மொத்தம் நூற்றிருபது. அவர் கணக்கில் இருபது ரூபாய் கடன் விழுகிறது. கம்பியின் நடுப்புள்ளி −20 டிகிரி, பக்கத்துப் புள்ளிகள் 60 டிகிரி.

அடுத்த படியில் பக்கத்தார் இருவரும் தங்கள் 60இல் ஆளுக்கு 36ஐ நடுவுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அவர்களும் கையிருப்பை மீறித்தான் கொடுக்கிறார்கள். நடுப்புள்ளி 76க்கு ஏறுகிறது, பக்கத்துப் புள்ளிகள் −24க்கு இறங்குகின்றன. நடுப்புள்ளியின் வரலாற்றை மட்டும் தொடர்ந்து எழுதினால் 100, −20, 76, −44, 95, −84 என்று போகிறது. ஊஞ்சலின் வீச்சு போகப்போக உயர்கிறது. ஐந்தே படிகளில் இந்த நிலை என்றால், நூறு படிகளில் எண்களுக்குக் கணக்கே இராது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. எந்தப் படியிலும் எல்லாப் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள். முதல் படியில் 60 − 20 + 60, ஆக 100. இரண்டாம் படியில் 36 − 24 + 76 − 24 + 36, அதுவும் 100. சூடு கம்பியின் முனைகளை எட்டும்வரை கூட்டுத்தொகை இம்மியும் மாறாது. ஒருவர் கொடுத்ததைத்தான் மற்றவர் வாங்கினார் என்பதால் மொத்த வெப்பம் சரியாக இருக்கிறது. ஆகவே ஆற்றல் காக்கப்படுகிறதா என்று மட்டும் சோதிப்பவர், இந்த விடையைச் சரியென்று ஏற்றுக்கொண்டுவிடுவார்.

எல்லை எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவு. இரு பக்கமும் கொடுப்பதன் கூட்டு கையிருப்பைத் தாண்டக் கூடாது. 2r ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, அதாவது r அரைக்கு மேல் போகக் கூடாது. நம் கம்பிக்கு இது சுமார் 2.17 விநாடி. தகடு என்றால் நான்கு பக்கமும் கொடுக்க வேண்டும், எனவே எல்லை கால். கனமான திண்மப்பொருள் என்றால் ஆறு பக்கம், ஆறில் ஒன்று.

கடன் விழுந்தாலும் அது ஏன் தீராமல் வளர்கிறது? 1940களில் ஜான் வான் நாய்மன் இதைப் பார்த்த வழி இன்றும் பாடநூல் வழி. கம்பியின் மீதுள்ள எந்த வெப்ப அமைப்பையும் பல அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு அலையும் ஒரு படியில் எத்தனை மடங்காகிறது என்று தனித்தனியே பார்த்தால் போதும். எல்லாவற்றிலும் மோசமானது +1, −1, +1, −1 என்று புள்ளிக்குப் புள்ளி மாறும் ரம்பப் பல் அமைப்பு. அதில் ஒரு புள்ளி தன்னிடம் 1 − 2r வைத்துக்கொள்கிறது, எதிர்க்குறி கொண்ட இரு பக்கத்தாரிடமிருந்தும் −2r பெறுகிறது. மொத்தம் 1 − 4r. r = 0.6 என்றால் இது −1.4. ஒவ்வொரு படியிலும் குறி புரள்கிறது, அளவு 1.4 மடங்காகிறது. நீண்டு வளைந்த மென்மையான அலைகள் அதே கணக்கில் ஒழுங்காகத்தான் தேய்கின்றன. ரம்பப் பல் மட்டும் வளர்ந்து மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

தொடக்க வெப்பநிலை மென்மையாக இருந்தால் தப்பித்துவிடலாமா? முடியாது. கணினி ஒரு எண்ணில் பதினாறு இலக்கம் அளவுக்குத்தான் வைத்திருக்கும், மிச்சத்தை வெட்டிவிடும். நூறு டிகிரியை ஒட்டிய எண்களில் அந்த வெட்டு, ஒரு டிகிரியை ஒன்றுக்குப் பின் பதினான்கு சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்த அளவு. அதற்குள் ரம்பப் பல்லின் விதை கொஞ்சம் இருக்கும். 1.4 மடங்காக வளர்ந்தால் நூறு படிக்குள் அது ஒரு டிகிரியாகிவிடும்.

இதைவிட ஆபத்தானது எல்லையைச் சற்றே தாண்டுவது. r = 0.51 என்றால் படிக்கு நான்கு சதவீத வளர்ச்சி. அந்த விதை ஒரு டிகிரியாக எண்ணூறு படிக்கு மேல் பிடிக்கும். நம் கம்பியில் அது அரை மணி நேரத்துக் கணக்கு. முதல் இருபது நிமிடத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு அழகான வளைகோடு கிடைக்கும். அதே நிரலை ஒரு மணி நேரத்துக்கு ஓட்டினால் திரையில் குப்பைதான் வரும்.

இப்படி ஒளிந்திருந்த பிழை வரலாற்றிலும் உண்டு. 1910இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், ராயல் சொசைட்டி வெளியிட்ட தம் கட்டுரையில் இச்சமன்பாட்டுக்கு வேறொரு வெளிப்படை முறையைக் கையாண்டார். கால மாற்றத்தை, முந்தைய படிக்கும் அடுத்த படிக்கும் இடையே அளந்தார். தாளில் பார்த்தால் இன்னும் நுட்பமான முறை. ஆனால் அதற்குப் பாதுகாப்பான காலப்படியே கிடையாது, எவ்வளவு சிறிதாக வைத்தாலும் ரம்பப் பல் வளரும் என்பது பின்னாளில் தெரியவந்தது. கையால் சில படிகளே போட்டதால், பிழை தலைகாட்டும் முன் கணக்கு முடிந்துவிட்டது.

சரியாக எல்லைக்கோட்டின் மேலேயே நடந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட். r = 0.5 என்றால் புள்ளி தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாது, புதிய வெப்பநிலை பக்கத்தார் இருவரின் சராசரி மட்டுமே. அப்படியானால் கணக்கே போட வேண்டாம். வரைபடத்தாளில் பக்கத்துப் புள்ளிகள் இரண்டையும் அளவுகோலால் இணைத்தால், நடுவே கோடு வெட்டும் இடம்தான் விடை. 1924இல் அவர் தந்த இந்த முறையால் பொறியாளர்கள் சுவர்களும் வார்ப்புகளும் ஆறுவதை வெறும் பென்சிலால் வரைந்தார்கள்.

இன்று இம்முறையைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் இடறுவது வேறிடத்தில். ஒரு விநாடிப் படியும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியும் நன்றாக வேலை செய்தன. இன்னும் துல்லியம் வேண்டும் என்று இடைவெளியை மட்டும் ஐந்து மில்லிமீட்டராகக் குறைக்கிறார்கள். வகுக்கும் எண் வர்க்கத்தில் இருப்பதால் r நான்கு மடங்காகி 0.92ஐத் தொடுகிறது, விடை சிதறுகிறது. துல்லியத்தைக் கூட்டியதாக நினைத்தவர் எல்லையைத் தாண்டியிருக்கிறார். சூடு இரு மடங்கு தூரம் பரவ நான்கு மடங்கு நேரம் எடுக்கும். தூரத்தைப் பாதியாக்கினால் அடுத்த புள்ளிக்குக் கால்வாசி நேரத்தில் சூடு போய்விடும். காலடியும் அதற்கேற்பக் குறுக வேண்டும்.

அதற்கு விலை உண்டு. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டுமென்றால் புள்ளிகள் பத்து மடங்கு, படிகள் நூறு மடங்கு, வேலை ஆயிரம் மடங்கு. காலப்படி 0.0217 விநாடிக்குள் இருக்க வேண்டும். இந்தச் சுமையைத் தவிர்க்கத்தான் கிராங்க், நிக்கல்சன் இருவரும் 1947இல் மாற்று வழி தந்தார்கள். பக்கத்தாரின் இப்போதைய வெப்பநிலையோடு அடுத்த வெப்பநிலையையும் சேர்த்துச் சராசரி எடுப்பது அது. ஒவ்வொரு படியிலும் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்துச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். பதிலுக்கு எந்தக் காலப்படியிலும் பிழை வளராது. ஆனால் படியை மிக நீளமாக வைத்தால், கூர்மையான சூட்டுப்புள்ளி இருக்கும் இடத்தில் அலைவு வெகுநேரம் தேயாமல் நிற்கும்.

வெளிப்படை முறையில் எழுதிய நிரல் உளறினால், முதலில் r எவ்வளவு என்று பாருங்கள். பிறகு விடையின் வடிவத்தைப் பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழுமாக, படிக்குப் படி குறி புரண்டு வளர்ந்தால் எல்லை மீறிய அடையாளம் அது. காலப்படியைப் போதிய அளவு குறைத்ததும் அது மறைந்துவிட்டால் சந்தேகமே இல்லை. மறையாவிட்டால் நிரலில் வேறு பிழை இருக்கிறது. இன்னொரு சோதனை: பக்கவாட்டில் சூடு வெளியேறாத கம்பியில் எந்தப் புள்ளியும், தொடக்கத்திலோ முனைகளிலோ இருந்த மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கீழே போகவே முடியாது. நம் கம்பி முதல் படியிலேயே −20 காட்டியது. கூட்டுத்தொகை 100 என்று சரியாக வந்துகொண்டிருந்தபோதே, அந்த ஒரு கடன் உண்மையைச் சொல்லிவிட்டது.