மணி அடித்த போன் எந்த விளம்பரத்தின் கணக்கில்?

ஒரு தாலுகா ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர். மாதக் கடைசியில் நடத்துகிறவர் கேட்கிறார்: “ஏம்மா, ஃபேஸ்புக்குக்கு 18,000 ரூபாய் போட்டோம். ஃபார்ம்ல வந்தது ஒன்பதே பேர். நிறுத்திடலாமா?” முன்மேசையில் இருக்கும் பெண் தயங்கிச் சொல்கிறார்: “சார், போன் நிறைய வந்துச்சே...”

ஊரும் ஆட்களும் என் கற்பனை. கீழே வரும் எண்களும் கணக்கைக் காட்டுவதற்காக நான் போட்டவை. ஆனால் அந்தக் கேள்வியும் தயக்கமும் சிற்றூர் சென்டர்களில் சகஜம். ஃபீஸ் எவ்வளவு, தவணை உண்டா, சாயங்கால பேட்ச் எத்தனை மணிக்கு விடும், அதற்கப்புறம் எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் கிடைக்குமா என்றெல்லாம் ஒரு அம்மா ஃபார்மில் எழுதிக் கேட்கமாட்டார். போனில் ஒரு குரலைக் கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அதனால் ஃபார்மை மட்டும் எண்ணினால் விளம்பரம் செத்துப்போனது போலத் தெரியும்.

சரி, விளம்பரத் திரையிலேயே அழைப்புக் கணக்கு இருக்கிறதே என்பீர்கள். அங்கே 140 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் பொத்தானைத் தொட்டவர்களின் எண்ணிக்கை. தொட்டதும் போனில் நம்பர் வந்து நிற்கும். பச்சைப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினால்தான் அழைப்பு போகும். கை தவறித் தொட்டவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். மறுபுறம், விளம்பரத்தில் நம்பரைப் பார்த்து அப்பாவிடம் சொல்லி, அப்பா தன் போனிலிருந்து அடித்தால் திரைக்கு அது தெரியவே தெரியாது.

இதற்கு உள்ள வழி பழையது, மலிவானது. விளம்பரத்துக்கு ஒரு சிம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நம்பர், கூகுள் தேடல் விளம்பரத்துக்கு ஒன்று, நாளிதழுக்குள் வைத்து விடும் நோட்டீஸுக்கு ஒன்று. போர்டிலும் கூகுள் மேப்பிலும் இருக்கும் பழைய நம்பரைத் தொடவேண்டாம். அது ஊருக்கே தெரிந்த நம்பர், அதில் வருவதை எந்த விளம்பரத்தோடும் சேர்க்கமுடியாது. பெரிய சென்டர்கள் மாத வாடகைக்கு விர்ச்சுவல் நம்பர் எடுத்துக்கொள்கின்றன. அதில் அழைப்பு பதிவாகும், விட்டுப்போன அழைப்பும் பட்டியலில் வரும். மூன்று விளம்பரம் ஓட்டுகிற சென்டருக்கு இரண்டு சிம் போடும் போன் இரண்டு போதும்.

“எங்களைப் பற்றி எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டால் போதாதா? கேட்கலாம், ஆனால் பதிலை அதிகம் நம்பக்கூடாது. “ஃப்ரெண்டு சொன்னான்” என்பார்கள். ஃப்ரெண்டு எதைப் பார்த்தான் என்பது நமக்குத் தெரியாது. ஃபேஸ்புக் சிம்முக்கு அடித்தவரே “யூடியூப்ல பார்த்தேன்” என்பார்.

இனி நோட்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு சிம்மின் கால் லாகையும் உட்கார்ந்து எழுதவேண்டும். விட்டால் பழையது அழிந்துபோகும். நம் கணக்கில் ஃபேஸ்புக் சிம்மில் 96 அழைப்பு. ஒரே நம்பர் மூன்று நான்கு தடவை அடித்ததை ஒன்றாக்கினால் 61 பேர். கடன் வேண்டுமா என்று கேட்ட வங்கிக்காரர், ராங் நம்பர், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகள் என 14 பேரைக் கழித்தால் 47 பேர்தான் புது விசாரிப்பு. திரை சொன்ன 140 எங்கே, இந்த 47 எங்கே!

இந்த 47 பேரில் சேர்ந்தவர் யார் என்று பார்க்கும்போதுதான் பெரும்பாலும் நூல் அறுகிறது. விசாரித்தது அப்பாவின் நம்பர், அட்மிஷன் ஃபார்மில் இருப்பது பையனின் நம்பர். இரண்டும் பொருந்தாமல், விளம்பரத்தால் வந்த பிள்ளை ‘நேரில் வந்தவர்’ பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்வான். அட்மிஷன் ஃபார்மில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும்: ‘முதலில் எந்த நம்பரிலிருந்து பேசினீர்கள்?’ ஒப்பிடும்போது +91-ஐயும் முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் விட்டுவிட்டுக் கடைசி பத்து இலக்கத்தைப் பார்த்தால் போதும்.

பொருத்திப் பார்த்தாயிற்று. ஃபேஸ்புக்: 18,000 ரூபாய், 47 விசாரிப்பு, 5 அட்மிஷன். கூகுள்: 12,000 ரூபாய், 22 விசாரிப்பு, 6 அட்மிஷன். நோட்டீஸ்: 10,000 ரூபாய், 40 விசாரிப்பு, 4 அட்மிஷன். விசாரிப்புக்கு ஆன செலவைப் பார்த்தால் நோட்டீஸ்தான் ராஜா, ஒருவருக்கு 250 ரூபாய், கூகுளில் 545. அட்மிஷனுக்கு ஆன செலவைப் பார்த்தால் தலைகீழ்: கூகுளில் 2,000, நோட்டீஸில் 2,500, ஃபேஸ்புக்கில் 3,600.

உடனே ஃபேஸ்புக்கை நிறுத்திவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கவேண்டும். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு பிள்ளை. இரண்டு பேர் கூடச் சேர்ந்திருந்தால் ஃபேஸ்புக்கின் 3,600 ஏறக்குறைய 2,570 ஆகியிருக்கும், நோட்டீஸுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். இவ்வளவு சின்ன எண்ணை வைத்து ஒரு மாதத்தில் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கூகுளின் ஆறிலும் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சுவரில் போஸ்டரைப் பார்த்தவர் வீட்டுக்குப் போய் சென்டர் பெயரையே கூகுளில் அடிக்கிறார். மேலே வரும் விளம்பரத்தைத் தொட்டுப் பேசுகிறார். போஸ்டர் உழைத்தது, பெயர் கூகுளுக்கு. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்பதை கூகுள் விளம்பரக் கணக்கில் பார்க்கலாம். அதில் பாதி உங்கள் சென்டர் பெயராகவே இருந்தால், அந்த 2,000 ரூபாய்க் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

நாள் கணக்கும் ஏமாற்றும். ஜனவரியில் பேசியவர் சம்பளம் வந்து, வீட்டில் பேசி, மார்ச்சில் சேர்வார். அவரைப் பேசிய மாதத்தில்தான் எழுதவேண்டும்; ஆகவே ஒரு மாதத்தின் கணக்கை மூட ஒன்றரை மாதமாவது காத்திருப்பது நல்லது. அறிவிப்பு வரும் வாரம் தனி. 2025-ல் குரூப் 4 அறிவிப்பு ஏப்ரல் 25-ல் வந்தது, தேர்வு ஜூலை 12-ல். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் எந்த விளம்பரம் ஓடினாலும் அது கெட்டிக்கார விளம்பரமாகத்தான் தெரியும். சிம்முக்கும் வயதாகும்: சேர்ந்த பிள்ளைகள் அந்த நம்பரையே நண்பர்களுக்குக் கொடுப்பார்கள், ஆறு மாதத்தில் அது விளம்பர நம்பராகவே இருக்காது.

நடத்துகிறவர் நோட்டை மறுபடி புரட்டுகிறார். ஃபேஸ்புக்கின் 47 பேரில் 19 பேர் முதல் தடவை அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. அதில் எட்டுப் பேர் மறுபடி அடித்துப் பேசிவிட்டார்கள். மிச்சம் 11 பேரிடம் இன்றுவரை ஒருவரும் பேசவில்லை. நேரத்தைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே இரவு ஏழுக்கு மேல். வேலை முடிந்து, சாப்பிட்டு, போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது விளம்பரத்தைப் பார்த்து அடித்தவர்கள். அந்த நேரம் போன் மேசை டிராயரில் பூட்டியிருந்தது.

பேசிய 36 பேரில் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதே விகிதமென்றால் அந்தப் பதினொன்றில் ஒன்றிரண்டு பேர் சேர்ந்திருப்பார்கள். ஆக, 3,600 ரூபாயில் ஒரு பங்கு விளம்பரத்தின் மேல் எழுதவேண்டியதல்ல, டிராயரின் மேல் எழுதவேண்டியது.

“அப்ப நிறுத்தவேண்டாம்மா,” என்கிறார் அவர். “இந்தப் பதினோரு பேருக்கும் இன்னிக்கே அடிச்சிடு.”

“அடிச்சிடறேன் சார். ராத்திரி ஒன்பது வரைக்கும் இந்தப் போனை யார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?”