எண்ணை மாற்றினால் போதுமா?

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் x² + 5x + 6 = 0 கேட்டாயிற்று. காய்ச்சலால் வராத மாணவிக்கு மறுதேர்வில் அதையே கொடுத்தால், விடை தோழி மூலம் முன்பே போயிருக்கும். எண்ணை மாற்றி x² − x − 12 = 0 கொடுப்பவர்கள் உண்டு. அது அநியாயம். முன்னதில் 6-ஐ இரண்டு சோடிகளாகத்தான் பிரிக்கலாம். எல்லாம் கூட்டல் குறி. இதில் 12-க்கு மூன்று சோடிகள், போதாததற்குக் குறியும் குழப்பும். x² + 7x + 10 = 0 சரியான இணை: 10-க்கும் இரண்டே சோடிகள், குறிகளும் அப்படியே.

கதைபோல வரும் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். தோட்டத்தின் பரப்பளவுக்குப் பதில் ரயிலின் வேகத்தைக் கேட்டால், சமன்பாடு பின்னத்தில் தொடங்கும், படிகள் கூடிவிடும். ஆசிரியர் இரண்டு தாள்களையும் தானே போட்டுப் பார்த்துப் படிகளை எண்ணினால் இது பிடிபட்டுவிடும்.