கைக்கு வந்த பணம், கணக்கில் யாருடையது?
குறிப்பிட்ட காரியத்துக்காக வரும் நன்கொடையை எழுதும் முறை



ஆடி மாசம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்த வீடு வீடாக வசூல் செய்கிறோம். வசூல் பணம் எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. அவர் வீட்டில் அன்றைக்கு மளிகைக்குக் காசில்லை. பெட்டியைத் திறந்தால் பணம் இருக்கிறது, ஆனால் அவர் அதில் கை வைக்க மாட்டார். "இருக்கு, ஆனா எங்களது இல்ல" என்பார். நம் கூட்டமைப்புக்கு ஒருவர் "இந்த வேலைக்கு மட்டும்" என்று சொல்லி நன்கொடை கொடுத்தால் அதுவும் இதே மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால், கூழ் பணம் தனிப் பெட்டியில் இருக்கும். கூட்டமைப்பில் எல்லாப் பணமும் ஒரே பாஸ்புக்கில் கலந்துவிடும். கலந்த பணத்தைப் பிரித்துக் காட்டும் வேலையைக் கணக்குப் புத்தகம்தான் செய்யவேண்டும்.

நான் போய்வரும் ஒரு கூட்டமைப்பில் போன வருஷம் நடந்ததையே சொல்கிறேன். 44 குழுக்கள் சேர்ந்து, டிரஸ்டாகப் பதிவு செய்த கூட்டமைப்பு. அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் சேர்ந்து, மூன்று குடியிருப்புகளில் மாலை நேரப் படிப்பு மையம் ஒரு வருஷம் நடத்த 1,80,000 ரூபாய் அனுப்பினார்கள். கூடவே ஒரு கடிதமும் வந்தது. அதில் இருந்த பிரிவு இது:

மூன்று டீச்சர்களுக்கு மாதம் 3,000 வீதம் 12 மாதம் – 1,08,000
நோட்டு, சிலேட்டு, புத்தகம் – 32,000
விளக்கு, பாய் – 25,000
ஒரு குடியிருப்பில் பொதுக் கட்டடம் இல்லாததால் அறை வாடகை, மாதம் 1,250 வீதம் – 15,000

இந்தக் கடிதம்தான் முதல் ஆவணம். பணம் வந்தது ஜூன் மாதம், மையம் ஆரம்பித்தது ஜூலை. கடிதத்தைத் தனி ஃபைலில் போட்டு, "இந்த நன்கொடையை இந்த நோக்கத்துக்காக ஏற்றுக்கொள்கிறோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ரசீதிலும் வெறுமனே "நன்கொடை" என்று எழுதாமல், "மாலை நேரப் படிப்பு மையத்துக்காக" என்று சேர்த்தே எழுதினார்கள். வாயால் சொன்ன நோக்கம் ஆறு மாதத்தில் மறந்துபோகும். கடிதம் வரவில்லையென்றால் நாமே ஒன்று எழுதி அனுப்பி, சம்மதம் என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். பாங்கில் வரும் வட்டி யாருக்கு, மிச்சமானால் என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது.

தனி பாங்க் கணக்கு திறக்கவேண்டுமா என்று கணக்காளர் தங்கச்சி கேட்டது. கொடுத்தவர் கேட்டால் திறக்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால் ஒரே கணக்கு போதும். ஆனால் ரொக்கப் புத்தகத்தில் இரண்டு கட்டம் போடவேண்டும். ஒன்று "பொது நிதி": சந்தா, சேவைக் கட்டணம் மாதிரி நம் சொந்தப் பணம். இன்னொன்று "படிப்பு மைய நிதி". எந்த வரவு, எந்தச் செலவு வந்தாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் விழவேண்டும். பேரேட்டிலும் படிப்பு மையத்துக்குத் தனிப் பக்கம். அந்தப் பக்கத்தில் முதல் வரி 1,80,000 வரவு. பிறகு ஒவ்வொரு செலவும் கழிந்துகொண்டே வரும். எந்த நாளில் பார்த்தாலும் கடைசி வரியில் இருப்பது, நாம் இன்னும் செய்துகொடுக்க வேண்டிய வேலைக்கான பணம்.

செலவு எழுதும்போது ஒரு பழக்கம் வேண்டும். வவுச்சரின் தலையிலேயே "படிப்பு மைய நிதி – நோட்டு, சிலேட்டு" என்று நிதியின் பெயரையும் தலைப்பையும் எழுதிவிடவேண்டும். இங்கே நோட்டு வாங்கப் போனபோது கடைக்காரர் கொடுத்த பில் 30,900 ரூபாய். அதில் 1,400 ரூபாய் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்கிய ரிஜிஸ்டர். பில் ஒன்றுதான், பணம் கொடுத்ததும் ஒரே செக்தான். ஆனாலும் வவுச்சரில் 29,500 படிப்பு மையம், 1,400 பொது நிதி என்று பிரித்து எழுதினார்கள். கடிதத்தில் அலுவலகச் செலவுக்கு என்று ஒரு ரூபாயும் இல்லை. அதனால் ரிஜிஸ்டர் ஆகட்டும், ஜெராக்ஸ் ஆகட்டும், கூட்டத்துக்குப் போன பஸ் காசு ஆகட்டும், படிப்பு மையத்தில் எழுத முடியாது. (இனிமேல் நன்கொடை பேசும்போதே அலுவலகச் செலவுக்கும் ஒரு தொகை கேளுங்கள். கேட்க நாம்தான் கூச்சப்படுகிறோம்.)

பில்லின் மேல் "படிப்பு மைய நிதியில் செலவு செய்யப்பட்டது" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பும் அடித்தார்கள். வேறொரு நன்கொடையாளருக்குக் கணக்கு காட்டும்போது தெரியாமல் இதே பில்லை எடுத்து வைத்துவிடக்கூடாது. ஒரு பில்லை இரண்டு இடத்தில் காட்டுவது வேண்டுமென்று செய்தாலும் தெரியாமல் செய்தாலும் ஆடிட்டர் கண்ணுக்கு ஒன்றுதான். டீச்சர் சம்பள வவுச்சரோடு வருகைப் பதிவேட்டின் நகலையும் இணைத்தார்கள். விளக்கு, பாய் எத்தனை வாங்கினோம், எந்த மையத்தில் இருக்கிறது என்று இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றினார்கள்.

இத்தனை ஒழுங்காகச் செய்த இடத்திலும் ஒரு தவறு நடந்தது. நவம்பர் கடைசியில் ஆண்டுப் பொதுக்குழு. பந்தல், சாப்பாடு, வேன் எல்லாம் சேர்ந்து 38,000 ரூபாய். அன்றைக்கு பாங்கிலும் கையிலுமாக 92,250 ரூபாய் இருந்தது. பொருளாளர் அக்கா பார்த்தார், பணம் இருக்கிறது, செக் போட்டுவிட்டார். தீர்மானம் இருக்கிறது, பில் இருக்கிறது, யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை. டிசம்பர் முடிந்து நான் போய் உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

நாங்கள் செய்து பார்த்தது ஒரே ஒரு கணக்குதான். முதலில் படிப்பு மையத்தின் பேரேட்டுப் பக்கம். ஆறு மாதச் சம்பளம் 54,000, நோட்டு 29,500, விளக்கு, பாய் 25,000, ஆறு மாத வாடகை 7,500. மொத்தச் செலவு 1,16,000. 1,80,000ல் இதைக் கழித்தால் 64,000 மிச்சம் இருக்கவேண்டும். பிறகு பாஸ்புக் இருப்பையும் கையிருப்பையும் கூட்டினோம். 44,000தான் வந்தது. கூட்டமைப்பின் சொந்தப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் 64,000 இருக்கவேண்டிய இடத்தில் 20,000 குறைகிறது.

"பாஸ்புக்கில பணம் இருந்துச்சே தங்கச்சி, அத பார்த்துட்டுதானே குடுத்தேன்" என்றார் அக்கா. இருந்தது உண்மைதான். ஆனால் அந்த 92,250ல் 74,250 படிப்பு மையத்துடையது. சொந்தப் பணம் 18,000தான். 38,000 செலவு செய்தபோது மீதி 20,000 பிள்ளைகள் பணத்திலிருந்து போய்விட்டது. செலவைப் பொது நிதி கட்டத்தில்தான் சரியாக எழுதியிருந்தார்கள். ஆனால் மாதக் கடைசியில் கட்டத்தைத் தனித்தனியாகக் கூட்டவில்லை, மொத்தத்தை மட்டும் கூட்டி பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். மொத்தம் ஒத்துப்போனது. தனியாகக் கூட்டியிருந்தால் பொது நிதி கட்டம் 20,000 குறைவில் நிற்பது நவம்பரிலேயே தெரிந்திருக்கும். இப்படியே விட்டிருந்தால் ஏதாவது ஒரு மாதம் டீச்சர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் போயிருக்கும்.

அந்த அக்கா, பொதுக்குழுச் செலவில் ஒரு பகுதியைப் "பெற்றோர் கூட்டம்" என்று படிப்பு மையத்தில் எழுதிவிடலாமா என்று கேட்டார். அது பொய்க் கணக்கு, கடிதத்தில் அப்படி ஒரு தலைப்பும் இல்லை. செய்தது என்னவென்றால், நிர்வாகக் குழுவைக் கூட்டி, "பொது நிதிக்காகப் படிப்பு மைய நிதியிலிருந்து 20,000 எடுக்கப்பட்டுவிட்டது, சந்தா வந்ததும் முதலில் இது ஈடு செய்யப்படும்" என்று உள்ளதை உள்ளபடி தீர்மானம் போட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கும் எழுதித் தெரிவித்தார்கள். ஜனவரியில் 44 குழுக்களும் தலா 500 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டியபோது 22,000 வந்தது. பொது நிதி கட்டம் குறைவிலிருந்து மேலே ஏறி 2,000 இருப்பு காட்டியது. பேரேட்டில் படிப்பு மையப் பக்கத்தை இதற்காகத் திருத்தவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் எப்போதும் சரியான தொகைதான் இருந்தது, பெட்டியில்தான் பணம் குறைந்திருந்தது.

மார்ச் 31 வந்தது. ஒன்பது மாதச் சம்பளம் 81,000, நோட்டு 29,500, விளக்கு, பாய் 25,000, வாடகை 11,250. மொத்தம் 1,46,750 செலவு. மிச்சம் 33,250. பாங்க், கையிருப்பு சேர்த்து 35,250 இருந்தது. 33,250 படிப்பு மையம், 2,000 பொது நிதி. ஒத்துப்போனது.

ஆண்டுக் கணக்கில் இந்த 33,250ஐ எங்கே காட்டுவது? பெறுதல் கொடுத்தல் கணக்கில் பணம் வந்ததும் போனதும் மட்டும் இருக்கும். அதனால் அங்கே முழு 1,80,000ம் வரவு. வருமானச் செலவுக் கணக்கில் அப்படிக் காட்டினால், செலவு 1,46,750 போக 33,250 ரூபாய் உபரி வந்த மாதிரி தெரியும். உபரி இருக்கிறதே என்று பொதுக்குழுவில் யாராவது அதைக் குழுக் கடனுக்குக் கேட்பார்கள். ஆகவே அங்கே செலவான 1,46,750ஐ மட்டும் வருமானமாக எடுத்துக்கொண்டு, மிச்ச 33,250ஐ இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் "படிப்பு மைய நிதி – செலவழிக்காத இருப்பு" என்று எழுதினார்கள். கடன் எழுதும் பக்கத்தில் நம் பணத்தை எழுதுவதா என்று சிலருக்குச் சங்கடமாக இருந்தது. மூன்று மாதம் மையம் நடத்தித் தரவேண்டிய பாக்கி நமக்கு இருக்கிறது, அந்தப் பாக்கிதான் அந்த வரி. சில ஆடிட்டர்கள் வருமானக் கணக்குக்கே கொண்டுவராமல், நிதிப் பக்கத்திலேயே செலவைக் கழித்துக் காட்டுவார்கள். எப்படி எழுதினாலும் கடைசியில் 33,250 தனி வரியாகத் தெரியவேண்டும். அடுத்த ஏப்ரல் 1ல் அதே தொகை ஆரம்ப இருப்பாகப் பேரேட்டில் ஏறவேண்டும்.

கொடுத்தவர்களுக்கு அனுப்பிய பயன்பாட்டு அறிக்கையில் நான்கு தலைப்புக்கும் அனுமதித்தது, செலவானது, மிச்சம் என்று மூன்று கட்டம் போட்டார்கள். சம்பளத்தில் 27,000, நோட்டில் 2,500, வாடகையில் 3,750 மிச்சம். கூட்டினால் அதே 33,250.

நோட்டு வகையில் மீந்த 2,500ஐ வைத்து, சாயங்காலம் பசியோடு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கலாமே என்று தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் கடிதத்தில் சுண்டலுக்குத் தலைப்பு இல்லை. தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பதில் எழுத்தில் வரும்வரை அந்த 2,500 நோட்டுத் தலைப்பிலேயே இருக்கிறது.