பிளஷ் டேங்க் ஒழுகினால் கடைக்கு என்ன எழுதுவது?

“உங்ககிட்ட வாங்கின பிளஷ் டேங்க் ஒழுகுதுங்க” என்று சானிட்டரிவேர் கடையில் போய்ச் சொன்னால், “கம்பெனிக்குச் சொல்றோம் சார்” என்பார்கள். சொன்னார்களா இல்லையா என்று நமக்குத் தெரியப்போவதில்லை. எழுதிக் கொடுத்தால் அப்படித் தட்டிக்கழிப்பது கடினம். ஆனால் நாம் எழுதுகிற புகார்களில் கோபம் நிறைய இருக்கும், விவரம் இருக்காது. எந்த மாடல், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எழுத உட்காரும் முன் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு வால்வுகள் இருக்கும். மிதவையோடு இருப்பது இன்லெட் வால்வு. டேங்க் நிறைந்ததும் தண்ணீர் வரத்தை நிறுத்துவது அதன் வேலை. நடுவில் இருப்பது பிளஷ் வால்வு. பட்டனை அழுத்தினால் இது மேலே எழும்பித் தண்ணீரைக் கோப்பைக்குள் விடும். பிறகு இறங்கி, அடியிலுள்ள ரப்பர் வாஷர் வழியை அடைத்துவிடும். கோப்பைக்குள் ஓயாமல் தண்ணீர் கசிந்தால், அனேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

எது என்று கண்டுபிடிக்க பிளம்பர் வேண்டாம். டேங்க் நிறைந்ததும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அரை மணி நேரம் யாரும் பட்டனைத் தொடக் கூடாது. மட்டம் இறங்கியிருந்தால் பிளஷ் வால்வின் வாஷர் சரியாக உட்காரவில்லை. சந்தேகமாக இருந்தால் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அதுவேதான். மட்டம் இறங்கவில்லை, ஆங்கிள் வால்வைத் திறந்ததும் தண்ணீர் ஏறி ஏறி ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் விழுகிறது என்றால் கோளாறு இன்லெட் வால்வில்.

ஒரு கணக்கையும் போட்டு வைக்கலாம். டேங்கின் உட்புறம் 36 செ.மீ. நீளம், 12.5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அரை மணியில் மட்டம் 4 செ.மீ. இறங்கினால் போனது 1.8 லிட்டர். அப்படியே ஒரு நாள் முழுக்க ஒழுகினால் 86 லிட்டர். “லேசா கசியுது” என்று எழுதுவதைவிட இந்த எண்ணை எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி கடிதம் இப்படி இருக்கலாம்:

“ஐயா, சென்ற ஆண்டு மார்ச் மாதம் தங்கள் கடையில் வாங்கிய பிளஷ் டேங்கின் பில் நகலும், மாடல் எண்ணின் போட்டோவும் இணைத்திருக்கிறேன். ஆங்கிள் வால்வை மூடி வைத்தும் அரை மணி நேரத்தில் தண்ணீர் 4 செ.மீ. இறங்குகிறது. எந்தப் பாகத்தையும் நாங்கள் கழற்றவில்லை. பிளஷ் வால்வுக்கும் வாஷருக்கும் வாரண்டி எவ்வளவு காலம்? வாரண்டிக்குள் என்றால், வந்து பார்ப்பதற்கான கட்டணம் யாருடையது? இந்த மாடலின் ஒரிஜினல் வாஷர் தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? மாடல் நின்றுபோயிருந்தால் எந்த மாடலின் வால்வு இதற்குப் பொருந்தும்? 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.”

வாரண்டியைப் பாகத்தின் பெயர் சொல்லிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் ‘10 வருட வாரண்டி’ பல சமயம் பீங்கானுக்கு மட்டும்தான். கெட்டுப்போவதோ உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும். அவற்றுக்கான காலம் வாரண்டி கார்டில் தனியாக, பொடி எழுத்தில் இருக்கும். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவால் வரும் கோளாறுக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கக்கூடும். டேங்குக்குள் போடும் பிளீச் மாத்திரை ரப்பரைக் கெடுக்கும். அதைப் போட்டிருந்தால் வாரண்டியை எதிர்பார்ப்பது வீண். ‘கழற்றவில்லை’ என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். வெளி பிளம்பர் கை வைத்தால் வாரண்டி போச்சு என்று சொல்லும் கார்டுகள் உண்டு.

கடைசிக் கேள்வியை அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஒரு கம்பெனி வாஷர் இன்னொரு கம்பெனி வால்வில் உட்காரும் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன ரப்பர் வளையம் கிடைக்காமல் முழு டேங்கையும் தூக்கிப்போடுவது அநியாயம். சுவருக்குள் பதித்த டேங்காக இருந்தால் டைல்ஸை உடைக்கும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

கடிதத்தைக் கையில் கொடுத்தால் நகலில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். மெஷினில் அடிக்கும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்துப்போகும். டேங்க் வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.