‘இன்று மட்டும்’ என்று எழுதும் முன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1998-லேயே வணிக மின்னஞ்சலுக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. தலைப்பு வரியில், அதாவது நாம் ‘சப்ஜெக்ட்’ என்று சொல்லும் அந்த ஒற்றை வரியில், பொய்யான அல்லது திசைதிருப்பும் தகவல் இருக்கக்கூடாது என்கிறது அது. அந்தச் சட்டத்தை வைத்து ‘ஓல்ட் நேவி’ என்ற துணிக்கடை நிறுவனத்தின்மீது வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். ‘தள்ளுபடி இன்று மட்டும்’ என்று மெயில் வருகிறது, மறுநாளும் அதே தள்ளுபடி தொடர்கிறது என்பதுதான் அவர்கள் குற்றச்சாட்டு.

நிறுவனம் சொன்ன பதில் கவனிக்க வேண்டியது. ‘இது விளம்பர மெயில் என்பதையே மறைத்தால்தான் சட்டம் பொருந்தும். நாங்கள் அதை மறைக்கவில்லையே’ என்றது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. தலைப்பு வரியில் உள்ள எந்தத் தகவல் பொய்யாக இருந்தாலும் சட்டம் பாயும் என்பது தீர்ப்பு. அப்போதைய சட்டப்படி ஒரு மெயிலுக்கு 500 டாலர் இழப்பீடு. மெயிலைப் பெற்றவர் காசு இழந்ததாக நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘இந்த ஆண்டின் மிகச் சிறந்த சலுகை’ போன்ற பொதுவான புகழ்ச்சியை நீதிமன்றம் குற்றமாகக் கருதவில்லை. சரிபார்க்கக்கூடிய தகவல்தான் விஷயம்: நாள், விலை, எண்ணிக்கை.

சட்டம் அந்த மாநிலத்துக்குரியது. ஆனால் அதில் உள்ள கோடு எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். படிப்பவரின் ஆவலைத் தூண்டலாம். ஆவலைத் தூண்டுவதற்காக ஒரு தகவலை மாற்றக்கூடாது.

இதை ஒரு மடலில் செய்து பார்ப்போம். ஒரு சிறு பதிப்பகம் ஜனவரியில் விற்பனை அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது நூல்களுக்கு 20 விழுக்காடு கழிவு, மூன்று பழைய வெளியீடுகள் மட்டும் பாதி விலை, கடைசி நாள் ஜனவரி 31. அவசரத்தில் கைக்கு வரும் முதல் வரி இப்படித்தான் இருக்கும்:

‘இன்று மட்டும்! எங்கள் புத்தகங்களுக்கு 50% வரை தள்ளுபடி’

‘இன்று மட்டும்’ பச்சைப் பொய். ‘50% வரை’ என்பது பொய்யல்ல, ஆனால் நாற்பத்து மூன்று நூல்களில் மூன்றுக்கு மட்டுமே உண்மை. அதிலும் தமிழில் ‘வரை’ என்ற சொல் எண்ணுக்குப் பின்னால் வருகிறது. அவசரமாகப் பார்க்கும் கண் 50-ஐ எடுத்துக்கொண்டு ‘வரை’யை விட்டுவிடும். திறந்து பார்த்தவர், தான் தேடிய நூலுக்கு 20 விழுக்காடுதான் என்று கண்டதும் உதட்டைப் பிதுக்கிவிட்டு மூடிவிடுவார். அடுத்த மடலைத் திறக்கமாட்டார்.

இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கு உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் தலைப்பு வரி முழுதாகத் தெரியாது. திரையின் அளவு, எழுத்தின் அளவு, செயலி ஆகியவற்றைப் பொறுத்து முப்பது, நாற்பது எழுத்துக்குள் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக முடிந்துவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் வெட்டு இன்னும் முன்பாகவே விழலாம். நம் மொழியிலோ வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கின்றன. ‘ஜனவரி முதல் ஆண்டுச் சந்தாவில் உயர்வு எதுவும் இல்லை’ என்று நல்ல செய்தியாகத்தான் எழுதுகிறோம். போய்ச் சேர்ந்த திரையில் ‘ஜனவரி முதல் ஆண்டுச் சந்தாவில் உயர்வு…’ என்று நிற்கிறது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் வாசகரைப் பதற வைத்துவிட்டோம். ‘சந்தா பழையபடியே: ஜனவரியிலும் மாற்றமில்லை’ என்று எழுதியிருந்தால் எங்கே வெட்டினாலும் பொருள் கெடாது.

அதே கணக்கில் பதிப்பகத்தின் வரியைத் திருத்தினால்:

‘40 நூல்களுக்கு 20% கழிவு, ஜனவரி 31 வரை’

முப்பது எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. கடைசிச் சொல் வெட்டுப்பட்டாலும் தேதி நிற்கிறது. இதில் ஆர்வம் குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். புத்தகம் வாங்குபவருக்கு எத்தனை நூல், எவ்வளவு கழிவு, எந்த நாள் என்பதைவிட ஆர்வமூட்டும் செய்தி என்ன இருக்கிறது?

மீதியைச் சொல்லத்தான் முன்னோட்ட வரி இருக்கிறது. தலைப்புக்குக் கீழேயோ பக்கத்திலேயோ மங்கலாகத் தெரியும் வரி அது. நாம் எதுவும் தராவிட்டால், மடலின் தொடக்கத்தில் உள்ள எழுத்தைச் செயலி தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும். பல நிறுவனங்களின் மடல்களில் ‘படம் தெரியவில்லையா? இங்கே தட்டவும்’ என்று அந்த இடம் வீணாவது இதனால்தான். மொத்தமாக மடல் அனுப்ப உதவும் சேவைகளில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. மடலை நீங்களே நிரலாக எழுதினால், உடலின் முதல் வரியாக இதைச் சேர்க்கலாம்:

```html
<div style="display:none">3 பழைய வெளியீடுகள் பாதி விலையில்.</div>
```

திறந்த மடலில் இது தெரியாது. பட்டியலில் மட்டும் தெரியும். தலைப்பில் சொன்னதையே மறுபடி சொல்லாமல், அடுத்த செய்தியைச் சொல்கிறது. வரி மிகச் சிறியதாக இருந்தால் மடலின் அடுத்த எழுத்துகளும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், மடலின் முதல் வாக்கியத்தையும் பார்த்து எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தலைப்பில் ‘எல்லா நூலும் பாதி விலை’ என்று போட்டுவிட்டு, ‘மூன்று நூல்களுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை முன்னோட்டத்தில் ஒளித்துவைக்கக் கூடாது. சில செயலிகள் முன்னோட்டத்தைக் காட்டுவதே இல்லை. சிலர் அதை அணைத்தும் வைத்திருப்பார்கள். தலைப்பு வரி தனியாக நின்றாலும் உண்மையாக இருக்க வேண்டும். முன்பே எழுதிக்கொள்ளாத ஒருவருக்கு ‘Re:’ போட்டு அனுப்புவதும் இதே வகைதான். பதில் வந்திருக்கிறது என்று நம்பித் திறப்பவரை ஏமாற்றும் வேலை அது.

ஜனவரி 31 முடிந்தும் நூல்கள் தேங்கியிருந்தால் என்ன செய்வது? நீட்டிக்கலாம், தவறில்லை. ‘கழிவு பிப்ரவரி 7 வரை நீட்டிப்பு’ என்று நேராகச் சொல்லலாம். நீட்டிக்கத்தான் போகிறோம் என்று முன்பே முடிவு செய்துவிட்டு ‘கடைசி நாள்’ என்று அனுப்புவதுதான் வாஷிங்டனில் நீதிமன்றம்வரை போன பழக்கம்.

‘ஆனால் அப்படி அனுப்பினால்தானே திறக்கிறார்கள்?’ என்பார்கள். திறந்தவர் எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படம் இருக்கும். அது இறங்கினால் ‘திறக்கப்பட்டது’ என்று பதிவாகும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவருக்கு, அவர் மடலைத் தொடாவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும். அன்று முதல் ‘திறப்பு விகிதம்’ நம்பத்தகுந்த அளவுகோல் இல்லை. எத்தனை பேர் இணைப்பைத் தட்டினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் ‘ஸ்பாம்’ என்று புகார் செய்தார்கள் என்று பாருங்கள். திறப்பு கூடி, தட்டல் கூடாமல், விலகல் ஏறினால் தலைப்பு வரி ஏமாற்றியிருக்கிறது என்று பொருள்.

கடைசியாகச் சொன்ன புகாருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024-இல் கொண்டுவந்த விதிகளின்படி, புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர். அதைத் தாண்டினால் நீங்கள் எழுதும் நேர்மையான மடலும் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழலாம்.

அடுத்த மடலை அனுப்பும் முன் முதலில் உங்கள் கைப்பேசிக்கே அனுப்பிப் பாருங்கள். திறக்காதீர்கள். பட்டியலில் தெரியும் அந்த அரைவரியை மட்டும் வீட்டில் ஒருவரிடம் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்வது உள்ளே இல்லையென்றால், வரியை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.